28 பக்க ஆய்வுத் திட்டத்தை ஒரு பக்கக் கான்செப்ட் நோட்டாகச் சுருக்கியது: குறுவை நெல் திட்டம் ஒன்றின் செய்முறைப் பதிவு

கையில் இருந்தது 28 பக்கப் புரபோசல். தலைப்பே மூன்று வரி ஓடியது: ‘காவிரிப் பாசனப் பகுதி நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர் மேலாண்மையின் நீர்ப்பயன்பாட்டுத் திறன், பசுமைக்குடில் வாயு வெளியேற்றம், மண் நுண்ணுயிர்ச் சமூகம் மற்றும் சமூகப் பொருளாதாரத் தாக்கம் குறித்த ஒருங்கிணைந்த ஆய்வு.’ மூன்று ஆண்டுத் திட்டம், மொத்தம் 58 லட்சம் ரூபாய். நிதி தரும் அறக்கட்டளை முதல் சுற்றுக்குக் கேட்டது ஏ4 தாளில் ஒரே ஒரு பக்கம். எழுத்தளவு 11, நான்கு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம், ஆங்கிலத்தில். அந்த அளவில் வாசிக்கக்கூடியபடி எழுதினால் 480 சொல்லுக்கு மேல் போகாது. கீழே தரும் சொற்கணக்கு ஆங்கிலப் பிரதிக்கானது. வாக்கியங்களைத் தமிழில் தருகிறோம்.

28 பக்கமும் எப்படிப் பிரிந்திருந்தன என்று முதலில் எண்ணினோம். முன்னுரை 4, முந்தைய ஆய்வுகள் 7, நோக்கங்கள் 1, செய்முறை 6, காலத்திட்டம் 2, எதிர்பார்க்கும் பலன் 1, பட்ஜெட் 3, குழுவினரின் தன்விவரம் 4. வழக்கமாக நடப்பது என்னவென்றால், இதே விகிதத்தில் ஒவ்வொரு பகுதியையும் வெட்டிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் ஒரு பக்கத்தில் கால் பங்கை முந்தைய ஆய்வுகள் எடுத்துக்கொள்ளும், நோக்கங்களுக்கு இரண்டு வரி மிஞ்சும். ஆனால் முதல் கட்டத்தில் வாசிப்பவருக்கு வேண்டியது நேர் எதிர். அவர் முன்னால் ஒரு கட்டு குறிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான். அழைப்பின் பொருளுக்குள் வருகிறதா, கேள்வி தெளிவாக இருக்கிறதா, இந்தத் தொகையில் இந்தக் காலத்தில் செய்ய முடியுமா, இவர்களால் செய்ய முடியுமா என்றுதான் பார்ப்பார். பிறகு கூட்டத்தில் மற்றவர்களிடம் ஒரு வாக்கியத்தில் சொல்வார். அந்த ஒரு வாக்கியம் அவர் வாயில் எப்படி வரவேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே பழைய கோப்பைத் திறந்து வெட்டத் தொடங்கவில்லை. அதை மூடிவிட்டு, அந்த வாக்கியத்தை எழுதுவதில்தான் வேலை தொடங்கியது.

ஐந்து நோக்கம், ஒரு கேள்வி

புரபோசலில் ஐந்து நோக்கங்கள். மூன்று பருவத்திலும் நீர்ப்பயன்பாட்டை அளப்பது. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அளப்பது. மண் நுண்ணுயிர்களை மரபணு வரிசைமுறையால் ஆராய்வது. விவசாயிகளின் வரவுசெலவையும் ஏற்பையும் கணக்கெடுப்பது. வயல் நீர்மட்டத்தைக் காட்டும் கைப்பேசிச் செயலி செய்வது. ஐந்தும் ‘அளத்தல்’, ‘ஆராய்தல்’, ‘உருவாக்குதல்’ என்று முடிகின்றன. எல்லாம் வேலைகள், எதுவும் கேள்வி இல்லை. முழுப் புரபோசலில் இது பெரிதாகத் தெரியாது. ஒரு பக்கத்தில் அப்படியே வைத்தால், எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லாமல் போகும்.

கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடியபோது அது செய்முறைப் பகுதியில், 17ஆம் பக்கத்தில், ஒரு இடர்க் குறிப்பாக ஒளிந்திருந்தது: ‘முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது வரும் என்ற உறுதி இல்லாததால் விவசாயிகள் வயலைக் காயவிடத் தயங்கக்கூடும்.’ முறைப்பாசனம் என்றால் வாய்க்கால்களுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி விடுவது; அப்படித் தண்ணீர் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ‘முறை’. இந்த ஒரு வரிதான் திட்டத்தின் உயிர். காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது புதிய முறை அல்ல. ஓட்டை போட்ட 30 செ.மீ. குழாயை வயலில் பாதி புதைத்து, அதற்குள் தண்ணீர் நிலமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மீண்டும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டுவது. பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் காயவிடாமல் வைத்திருப்பது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. சொந்த மோட்டார் வைத்திருப்பவருக்குச் சுலபம். வேண்டும்போது சுவிட்சைப் போட்டால் தண்ணீர். வாய்க்காலை நம்பியிருக்கும் கடைமடைக்காரர் நிலைமை வேறு. இன்று காயவிட்டு, நாளை மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பயிர் போய்விடும். அதனால் தண்ணீர் வரும்போது வரப்பு தளும்பக் கட்டி வைத்துக்கொள்வார். இது அறியாமை இல்லை, சரியான கணக்கு. எனவே கேள்வி வயலில் இல்லை, மடையில் இருக்கிறது: முறை விடும் நாளைக் குழாயின் நீர்மட்டத்தை வைத்து முடிவு செய்தால், கடைமடையில் மகசூல் குறையாமல் தண்ணீர் மிச்சமாகுமா?

கேள்வி கிடைத்ததும் ஐந்து நோக்கத்தையும் அதன் முன் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டோம்: இதை எடுத்துவிட்டால் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போகுமா? நீர் அளவு இல்லாமல் பதில் இல்லை. மகசூலும் விவசாயி வரவுசெலவும் இல்லாமல் பதில் இல்லை. நுண்ணுயிர் ஆய்வை எடுத்தால் எதுவும் குலையாது. செயலியும் அப்படியே, அளவு குறித்த குச்சி ஒன்றைக் குழாய்க்குள் விட்டுப் பார்ப்பதற்குச் செயலி தேவையில்லை. மீத்தேன் மட்டும் இழுபறியாக இருந்தது. அழைப்பின் பொருள் ‘கால்வாய்ப் பாசனத்தில் சிறு விவசாயிகளுக்கான நீர்ச் சிக்கனம்’. அங்கே மீத்தேன் இரண்டாம் பொருள்தான். ஆனால் அளக்காமல் விட்டால் இன்னொரு சிக்கல்: வயல் காய்ந்து நனையும்போது மீத்தேன் குறைந்தாலும் நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். இது தெரிந்த வாசகர் ஒருவர் குழுவில் இருந்தால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுப்புவார். ஆகவே வாயு அளவீடு தங்கியது, நோக்கமாக அல்ல, ஒரு துணை அளவீடாக, ஒரே வாக்கியத்தில்.

சுருக்கியபோது திட்டமே மாறிய இரண்டு இடம்

ஒரு பக்கத்துக்கு வரும்போது மறைவிடம் இல்லாமல் போகிறது. நீண்ட உரையில் பத்து பக்க இடைவெளியில் இருந்த இரண்டு தகவல்கள் இப்போது பக்கத்துப் பக்கத்து வரியில் வந்து நின்று மோதிக்கொள்ளும். இங்கே அப்படி இரண்டு மோதல்கள் வெளிப்பட்டன.

முதலாவது, பருவம். புரபோசல் குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் எடுத்திருந்தது. ‘வயலைக் காயவிடுவோம்’ என்ற வரியும் ‘மூன்று பருவத்திலும்’ என்ற வரியும் அருகருகே வந்ததும் தவறு கண்ணில் பட்டது. சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். டெல்டாவில் அந்த மாதங்களில் பிரச்சினை வடிகால்தான், 15 செ.மீ. இறக்கிக் காயவிடுவது நம் கையில் இல்லை. மேட்டூர்த் தண்ணீரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வளரும் குறுவையில்தான் முறை மாற்றத்தின் விளைவைப் பார்க்க முடியும். மூன்று பருவம் என்பது இரண்டு ஆண்டுகளின் இரண்டு குறுவை என்று ஆனது. திட்டக்காலம் 36 மாதத்திலிருந்து 24 மாதமானது. பிப்ரவரியில் தொடங்கினால் நான்கு மாத ஆயத்தம், குறுவை, இடைவெளி, மறு குறுவை, கடைசியில் நான்கு மாதம் கணக்கும் அறிக்கையும்.

இதோடு ஒட்டிய இடர் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை கடைசி வரை திறக்கவில்லை. இப்படி ஒரு ஆண்டு வந்தால் கடைமடைக் குறுவையே இருக்காது. அதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்கினோம்: ஒரு பருவம் தவறினால் கூடுதல் நிதி கேட்காமல் திட்டத்தை அடுத்த குறுவைக்கு நீட்டிப்போம். இடரைச் சொல்வது பலவீனம் என்று பலர் இந்த வரியைத் தவிர்ப்பார்கள். டெல்டாவைத் தெரிந்த வாசகர் அந்த வரி இருக்கிறதா என்றுதான் தேடுவார்.

இரண்டாவது, எண்ணிக்கை. புரபோசல் ‘96 விவசாயிகள், 5 விழுக்காடு மகசூல் வேறுபாட்டையும் கண்டறியலாம்’ என்றது. வடிவமைப்போ 12 கிளை வாய்க்கால்கள். ஆறில் புதிய முறை, ஆறில் வழக்கமான முறை. ஒவ்வொன்றிலும் எட்டு வயல். முறை மாறுவது வாய்க்காலுக்கு, வயலுக்கு அல்ல. ஒரே வாய்க்காலில் இருக்கும் எட்டு வயலும் ஒரே நாளில் தண்ணீர் வாங்குகின்றன; அவற்றை எட்டுத் தனிச் சான்றாக எண்ணக் கூடாது. ஒப்பீடு ஆறுக்கு ஆறுதான். வாய்க்கால் சராசரிகள் தமக்குள் சுமார் 6 விழுக்காடு விலகும் என்பது புரபோசலின் சொந்தக் கணிப்பு. அதை வைத்தால் இரு தரப்புக்கும் உள்ள வேறுபாட்டின் திட்டப் பிழை இப்படி வரும்:

```
6 % × √(2/6) ≈ 3.5 %
3.5 % × 2.2 ≈ 7.7 %
```

2.2 என்பது இந்த அளவு சிறிய ஒப்பீட்டுக்கான பெருக்கி. ஒரு பருவத்தில் 7 அல்லது 8 விழுக்காட்டுக்குக் கீழான வேறுபாட்டை இந்த வடிவமைப்பால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே நோட்டில் 5 போய் 10 வந்தது: ‘மகசூல் இழப்பு 10 விழுக்காட்டை எட்டுகிறதா’. பார்க்கக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் இது நிற்கும் எண். 96ஐயும் 5ஐயும் அப்படியே விட்டிருந்தால், புள்ளியியல் தெரிந்த ஒருவர் அந்த ஒரு வரியை வைத்தே ஒதுக்கிவிடலாம்.

வாயு அளவீட்டையும் இதே போலப் பெருக்கிப் பார்த்தோம். வாய்க்காலுக்கு ஒரு வயல் வீதம் 12 வயல், வயலுக்கு மூன்று மூடுகலம், ஒரு தடவைக்கு நான்கு வாயு மாதிரி, நடவு வயலில் சுமார் 12 வாரம், வாரம் ஒரு தடவை. 12 × 3 × 4 × 12 என்றால் பருவத்துக்கு 1,728 குப்பி. ஒரு வாயு நிறப்பிரிகைக் கருவியும் அதற்கென ஒரு ஆளும் இருந்தால் சமாளிக்கலாம். புரபோசலில் இருந்ததுபோல மூன்று பருவம், 24 வயல் என்றால் முடியாது. இந்தப் பெருக்கல் நோட்டில் வராது. ஆனால் நோட்டில் வரும் ஒவ்வொரு எண்ணும் யாராவது பெருக்கிப் பார்த்தால் தாங்க வேண்டும்.

சொல் ஒதுக்கீடும் பிரச்சினைப் பத்தியும்

480 சொல்லை இப்படிப் பங்கிட்டோம்: தலைப்பும் கேட்கும் தொகையும் 30, பிரச்சினை 90, கேள்வி 70, செய்வது 130, கிடைப்பதும் யாருக்கு என்பதும் 70, குழுவும் ஆயத்தமும் 40, நிதி 50. செய்வதற்கு அதிகம், பிரச்சினைக்கு அடுத்தது. இந்த விகிதம் எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தாது. ஆய்வகத்தில் நடக்கும் திட்டமென்றால் ‘ஆயத்தம்’ பகுதிக்கு 40 போதாது, ஏனென்றால் முதல்கட்டத் தரவு இருக்கிறதா என்பதே அங்கே முக்கியம்.

அதிகப் பாடுபட்டது பிரச்சினைப் பத்திக்குத்தான். புரபோசலின் முன்னுரை இப்படித் தொடங்கியது: ‘உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோரின் முதன்மை உணவாக அரிசி விளங்குகிறது. காலநிலை மாற்றத்தின் பின்னணியில் நீர்ப் பற்றாக்குறை உலகளாவிய சவாலாக உருவெடுத்துள்ளது…’ இது தவறில்லை. ஆனால் இதே இரண்டு வரியோடு கட்டில் இன்னும் பல நோட்டுகள் இருக்கும். உலகத்திலிருந்து இந்தியா, இந்தியாவிலிருந்து தமிழ்நாடு, அங்கிருந்து டெல்டா என்று இறங்கி வருவதற்குள் 90 சொல்லும் தீர்ந்துவிடும். அதனால் கடைசிப் படியிலிருந்து தொடங்கினோம்: ‘கடைமடை விவசாயி வாய்க்காலில் தண்ணீர் வரும்போது தேவைக்கு மேல் கட்டி வைக்கிறார். அடுத்த முறை என்று வரும் என்பது அவருக்குத் தெரியாது.’ இரண்டே வாக்கியத்தில் ஆளும் இடமும் காரணமும் வந்துவிட்டன.

ஏழு பக்க முந்தைய ஆய்வுகளிலிருந்து தங்கியது ஒரு வாக்கியம். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசியின் 2019 திருத்தக் கையேடு, எப்போதும் நீர் நிற்கும் வயலின் மீத்தேனை 1 என்று கொண்டால், பருவத்தில் பலமுறை காயவிடும் வயலுக்கு 0.55 என்று காரணி தருகிறது. இந்த ஒரு எண் வந்ததும் ‘இந்த முறை வேலை செய்யும்’ என்பதை நிறுவ வேறெதுவும் தேவைப்படவில்லை. முறை வேலை செய்யுமா என்பது நம் கேள்வியும் இல்லை. கேள்விக்கு வெளியே இருக்கும் ஒன்றை நிறுவ ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவிடுவது வீண்.

‘முதன்முறையாக’, ‘ஒருங்கிணைந்த’, ‘முழுமையான’, ‘நிலையான வளர்ச்சி’ என்ற சொற்களைத் தேடி எடுத்தோம். ‘முதன்முறையாக’ என்பது ஆபத்தும் கூட. வாசிப்பவருக்கு ஒரு எதிர்ச்சான்று தெரிந்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக இடைவெளியை நேரடியாகச் சொல்லலாம்: இதுவரை செய்தவை பெரும்பாலும் நீர் விவசாயி கையில் இருக்கும் வயல்களில், இங்கே நீர் வேறொருவர் கையில் இருக்கிறது.

தங்கிய பக்கம்

எல்லாம் முடிந்தபின் நோட்டின் உடல் இப்படி நின்றது:

> குறுவை நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும்: கடைமடை முறைப்பாசனத்தில் இயலுமா?
> கேட்கும் தொகை: ரூ. 36 லட்சம். காலம்: 24 மாதம். இடம்: திருவாரூர் மாவட்டம்.
>
> பிரச்சினை. கடைமடை விவசாயி வாய்க்காலில் தண்ணீர் வரும்போது தேவைக்கு மேல் கட்டி வைக்கிறார். அடுத்த முறை என்று வரும் என்பது அவருக்குத் தெரியாது. வயலை இடையிடையே காயவிட்டால் தண்ணீர் மிச்சமாகும், மீத்தேனும் ஏறக்குறைய பாதியாகக் குறையும் (ஐபிசிசி 2019 காரணி 0.55). ஆனால் இந்தப் பலன் இதுவரை பெரும்பாலும் சொந்த மோட்டார் உள்ள வயல்களில் காட்டப்பட்டது.
>
> கேள்வி. முறை விடும் நாளை வயல்நீர்க் குழாயின் மட்டத்தை வைத்து முடிவு செய்தால், கடைமடையில் 10 விழுக்காடு மகசூல் இழப்பு ஏற்படாமல் தண்ணீர் மிச்சமாகுமா?
>
> செய்வது. 12 கிளை வாய்க்கால்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்போம். ஆறில், குழாய்களின் சராசரி மட்டம் 15 செ.மீ. கீழே இறங்கியதும் முறை விடப்படும். பூக்கும் தருணத்தில் வயல் காயாமல் நீர் நிற்க வைக்கப்படும். ஆறில் வழக்கமான முறை தொடரும். இரண்டு குறுவையில் வாய்க்கால் தலைப்பில் நீரின் அளவு, 96 வயலில் மகசூலும் வரவுசெலவும், 12 வயலில் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அளக்கப்படும். ஒப்பீட்டின் அலகு வாய்க்கால். அணை திறப்பு தள்ளிப்போய் ஒரு பருவம் தவறினால், கூடுதல் நிதியின்றி அடுத்த குறுவைக்கு நீட்டிப்போம்.
>
> கிடைப்பது. லஸ்கரும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமும் பின்பற்றக்கூடிய முறை அட்டவணை. அதன் நீர் மிச்சமும் மகசூல் விளைவும் எவ்வளவு என்ற கணக்கு. விடை ‘இயலாது’ என்று வந்தாலும், எந்த இடத்தில் தடைபடுகிறது என்பது நீர்வளத் துறைக்குத் தெரியவரும்.
>
> ஆயத்தம். இரண்டு சங்கங்களின் எழுத்து ஒப்புதல் உள்ளது. குழுவில் நீர்ப்பாசனப் பொறியாளர், உழவியலாளர், மண் வேதியியலாளர். வாயு நிறப்பிரிகைக் கருவி கைவசம் உள்ளது.
>
> நிதி. பணியாளர் 17 லட்சம். அளவீடு 11 லட்சம். பயணம், கூட்டம், நிர்வாகம் 8 லட்சம்.

‘செய்வது’ பகுதியில் யார் மடையைத் திறப்பது என்பது மட்டும் இன்னும் செயப்பாட்டில் நிற்கிறது: ‘முறை விடப்படும்’. முழுப் புரபோசலில் அங்கே லஸ்கரின் பதவிப்பெயரும் துறை அனுமதியின் நிலையும் வர வேண்டும். முதல் சுற்றில் துறையின் எழுத்து அனுமதி கையில் இல்லை. சங்க ஒப்புதல்தான் இருந்தது. இல்லாததை இருப்பதாக எழுதவில்லை. 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தில் உருவான சங்கங்களுக்கு இதில் உள்ள பங்கைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் முதலில் வாங்க வேண்டிய காகிதம் அதுதான்.

பட்ஜெட்டை மூன்று எண்ணாக்கியது எளிதாகத் தோன்றும், ஆனால் அங்கேதான் கூட்டல் தவறும். 58 லட்சத்திலிருந்து நுண்ணுயிர் வரிசைமுறை 9, செயலி 6, மூன்றாம் ஆண்டுப் பணியாளர் 7, ஆக 22 லட்சம் கழிந்து 36 ஆனது. வேலையைக் குறைத்துவிட்டுத் தொகையை 58ஆகவே விட்டால் உடனே தெரிந்துவிடும். தொகையை 36 ஆக்கிவிட்டு ஐந்து நோக்கத்தையும் வைத்திருந்தாலும் தெரியும். அளவீட்டின் 11 லட்சத்துக்குள் கருவிகளும் மூடுகலங்களும் 6, வாயுப் பகுப்பாய்வு 5. இந்த உள்விவரம் நோட்டில் இல்லாவிட்டாலும் ஒரு தனித்தாளில் எழுதி வைத்தோம், கேட்டால் அன்றே பதில் தர.

வெளியாள் வாசிப்பு

நோட்டைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், ஒரு வங்கி அலுவலரிடமோ தமிழாசிரியரிடமோ, கொடுத்து ஒன்றரை நிமிடம் வாசிக்கச் சொல்ல வேண்டும். தாளை வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி: இவர்கள் என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள், எப்படி, எவ்வளவு கேட்கிறார்கள்? விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது, திருத்தவும் கூடாது. வரும் தவறான பதில்தான் பயன்படும். இந்த நோட்டின் முந்தைய வடிவத்துக்கு ‘வயலிலிருந்து வரும் வாயுவை அளக்கப் போகிறார்கள்’ என்று பதில் வந்தது. காரணம் தேடினால், மீத்தேன் என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது, முறை என்ற சொல் இரண்டே இடத்தில். தலைப்பில் ‘பசுமைக்குடில் வாயு’ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைப்பை மாற்றி, மீத்தேனை இரண்டு இடமாகக் குறைத்ததும் ‘வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது என்று பார்க்கிறார்கள்’ என்று வந்தது. கூட்டத்தில் சொல்லப்படப் போவதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

துறைக்குள் உள்ள ஒருவரிடமும் காட்ட வேண்டும், வேறு காரணத்துக்காக. அவர் தேடுவது தவறான எண்ணை. இங்கே அவர் கேட்டது, கடைமடையில் பில்டர் பாயிண்ட் வைத்திருப்பவர்களை என்ன செய்வீர்கள் என்று. நியாயமான கேள்வி. நிலத்தடி நீர் இறைக்கும் வயல் ஒப்பீட்டில் கலந்தால் வாய்க்கால் கணக்கு பொய்யாகிவிடும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் எவ்வளவு இறைத்தார்கள் என்பது மின்கட்டணத்திலும் தெரியாது. வயல் தேர்வில் அவற்றை விலக்குவது என்று முடிவாயிற்று. நோட்டில் இடமில்லை, முழுப் புரபோசலின் செய்முறையில் ஏற்றிக்கொண்டோம்.

பக்கம் இரண்டாகிவிடும் இடங்கள்

ஒரு வரி மிஞ்சினால் எழுத்தளவை 10.5 ஆக்குவது, ஓரத்தை 2 செ.மீ. ஆக்குவது என்று கை போகும். அழைப்பில் அளவு சொல்லியிருந்தால் இது தகுதியிழப்புக்கே காரணமாகலாம். சொல்லாவிட்டாலும் நெருக்கிய பக்கத்தைப் பார்த்தவுடனே கண் சலிக்கும். வெட்ட வேண்டியது சொல்லை. பெரும்பாலும் ஒரே சொல் தனியாகத் தொங்கும் கடைசி வரிகளைத் தேடினால் போதும். பத்திக்கு இரண்டு சொல் குறைத்தால் ஒரு முழு வரி திரும்பக் கிடைக்கும்.

பிடிஎஃப் ஆக்கும்போதுதான் இன்னொரு விபத்து. ஒரு கணினியில் ஒரு பக்கமாக நின்றது, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் இரண்டாம் பக்கத்துக்கு இரண்டு வரி வழிந்துவிடும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஏற்றினாலும் அப்படித்தான். மேல் சின்னமும் கீழ் முகவரியும் சேர்ந்து ஆறேழு வரியைத் தின்றுவிடும். லெட்டர்ஹெட் கேட்டிருக்கிறார்களா என்று அழைப்பில் பார்த்து, கேட்காவிட்டால் வெறும் தாளில் வைப்பது நல்லது. அடியில் இரண்டு வரி காலியாக விட்டு, எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆக்கி, அதை வேறொரு கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து பார்த்தபின் அனுப்பினோம்.

அனுப்பும் முன் கடைசி வேலை, 28 பக்கக் கோப்பைத் திரும்பத் திறப்பது. நோட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் வட்டமிட்டு, முழுப் புரபோசலில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்தோம்: 36 லட்சம், 24 மாதம், 12 வாய்க்கால், 96 வயல், 10 விழுக்காடு. நோட்டு தேர்வாகி முழுப் புரபோசல் கேட்கும்போது சில வாரமே அவகாசம் தருவார்கள். அப்போது பழைய 58 லட்சமும் மூன்று பருவமும் எங்காவது ஒரு அட்டவணையில் கிடந்தால், முதல் சுற்றில் சொன்னது ஒன்று இப்போது கேட்பது ஒன்று என்றாகிவிடும். ஆகவே நுண்ணுயிர்ப் பகுதியும் செயலிப் பகுதியும் முழுக் கோப்பிலிருந்தும் எடுக்கப்பட்டு, வேறு அழைப்புக்காகத் தனிக் கோப்பில் வைக்கப்பட்டன. முழுப் புரபோசல் இப்போது 19 பக்கம்.